கிளவுட் சப்போர்ட் அசோசியேட் வேலைக்குக் கவர் லெட்டர்: ஹோம் லாபை எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா, கவர் லெட்டரை உண்மையிலேயே யாராவது வாசிக்கிறார்களா? சிவி போதாதா?

எல்லா இடத்திலும் வாசிப்பதில்லை. விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும்போது ஆளெடுப்புப் பிரிவில் இருப்பவர் முதலில் சிவியைத்தான் திறப்பார். கடிதத்தைத் திறக்காமலே விடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரே வருடம் பட்டம் முடித்து வந்தவர்களின் சிவிகளை அடுக்கி வைத்துப் பாருங்கள். அதே பாடங்கள், அதே மாதிரி இறுதியாண்டு ப்ரொஜெக்ட், அதே "லினக்ஸ், பைதன், டொக்கர்" வரிசை. அதற்குள் யாரை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவது என்று தடுமாறும்போதுதான் கடிதத்துக்கு வேலை வருகிறது.

சப்போர்ட் வேலைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வேலையின் பாதி எழுத்து. வாடிக்கையாளர் ஒரு பிரச்சினையை எழுதி அனுப்புவார், நீங்கள் பதில் எழுதுவீர்கள். ஆகவே உங்கள் கடிதம் வேலையைப் பற்றிய கடிதம் மட்டுமல்ல, வேலையின் மாதிரியும்கூட. குழப்பமாக எழுதினால், வாடிக்கையாளருக்கும் இப்படித்தான் எழுதுவார் என்று வாசிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

டெவலப்பர் வேலைக்கு எழுதி வைத்த கடிதம் ஒன்று இருக்கு. அதையே கொஞ்சம் மாற்றி அனுப்பலாமா?

வேண்டாம். டெவலப்பர் கடிதம் "இதைக் கட்டினேன்" என்று சொல்லும். சப்போர்ட் கடிதம் "இது உடைந்தது, ஏன் உடைந்தது என்று இப்படிக் கண்டுபிடித்தேன்" என்று சொல்ல வேண்டும்.

கிளவுட் சப்போர்ட் அசோசியேட் என்ற பதவிப் பெயரை அமேசான் வெப் சர்வீசஸ் ஆரம்பநிலை வேலைக்குப் பயன்படுத்துகிறது. மற்றக் கம்பனிகளிலும் இதே வேலை வேறு பெயர்களில் இருக்கிறது. பெயர் எதுவானாலும் நாள் முழுக்க வருவது "நேற்று வேலை செய்தது, இன்றைக்கு இணையவில்லை" என்ற மாதிரிக் கேள்விகள்தான். வாடிக்கையாளரின் சேர்வருக்குள் நீங்கள் நுழைய முடியாது. அவரிடம் சரியான கட்டளையை ஓட்டச் சொல்லி, அவர் அனுப்பும் வெளியீட்டைப் பார்த்து, எங்கே தடை இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். கடிதத்தில் அந்தக் கழிக்கும் மனம் தெரிய வேண்டும். வேறெதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஹோம் லாப் என்று சொல்ல என்னிடம் ஒரு பழைய லப்டொப் மட்டும்தான் இருக்கு. சிரிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப்பில் உபுண்டு சேர்வர் தாராளமாக ஓடும். இரண்டு மூன்று சிறிய மெய்நிகர் இயந்திரங்களும் ஓடும். பற்றரி இன்னும் உயிரோடு இருந்தால் கரண்ட் போகும்போது அதுவே யூபிஎஸ். வேலைக்கு எடுப்பவர் உங்கள் வீட்டுச் சாமான்களை எண்ணப் போவதில்லை. அதில் நடந்த ஒன்றை எவ்வளவு தூரம் தோண்டினீர்கள் என்றுதான் பார்ப்பார்.

சொல்லப்போனால் யாழ்ப்பாணத்து வீட்டு இணைப்பே நல்ல வாத்தியார். 4ஜி ரவுட்டர் வழியாக இணையும் பல வீடுகளுக்குத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், அல்லது `curl -4 ifconfig.me` காட்டும் முகவரியோடு பொருந்தாவிட்டால், நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். அப்போது ரவுட்டரில் போர்ட் திறந்து விட்டாலும் வெளியிலிருந்து யாரும் உங்கள் லப்டொப்புக்கு வர முடியாது. இதைச் சுற்றிப் போக வழி தேடும்போதே வலையமைப்பில் பாதி படித்துவிடுவீர்கள்.

நான் ஆறு ப்ரொஜெக்ட் செய்திருக்கிறேன். ஆறையும் எழுதுவதா?

ஒன்றை எழுதுங்கள். மற்ற ஐந்தும் சிவியில் ஒரு வரி வீதம் இருக்கட்டும்.

எதைத் தேர்வது? மூன்று விசயம் பாருங்கள். முதலாவது, அதில் ஏதாவது உண்மையாகவே பழுதாகியிருக்க வேண்டும். இரண்டாவது, நீங்கள் முதலில் நினைத்த காரணம் பிழை என்று ஒரு சோதனை காட்டியிருக்க வேண்டும். மூன்றாவது, வேறு ஒரு மனிதர் அதைப் பயன்படுத்தியிருந்தால் நல்லது. அம்மாவோ, பக்கத்து வீட்டு ரியூசன் ஆசிரியரோ, யாரானாலும் சரி. பாவிக்கிறவர் இருந்தால்தான் முறைப்பாடு வரும். முறைப்பாடு வந்தால்தான் சப்போர்ட்.

குபர்நெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றை வழிகாட்டி பார்த்துக் கட்டி, ஒன்றும் உடையாமல் அழித்துவிட்டீர்களா? பெரிய பெயர்தான், ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி இரண்டாவது வசனம் எழுத வராது. அதை விட, பிடிஎஃப் தரவிறக்கம் நின்றுபோன கதை பல மடங்கு பெறுமதி.

அந்தப் பிடிஎஃப் கதை என்ன? ஒரு பழுதை எப்படிக் கடிதத்துக்குக் கொண்டுவருவது என்று ஒன்றை முழுதாகக் காட்டுங்கோ.

சரி, ஒரு மாதிரி எடுப்போம். யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டதாரித் தங்கச்சி வீட்டு லப்டொப்பில் என்ஜின்எக்ஸ் போட்டு, உயர்தரப் பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்களை வைத்திருக்கிறார். வீட்டுக்கு 4ஜி இணைப்பு, பொது முகவரி இல்லை. ஆகவே அமேசானின் மும்பைப் பிராந்தியத்தில், திரையில் `ap-south-1` என்று வருமே, அங்கே ஒரு சிறிய சேர்வர் எடுத்து, அதிலிருந்து வீட்டு லப்டொப்புக்கு வயர்கார்ட் சுரங்கம் போட்டிருக்கிறார். பிள்ளை மும்பைச் சேர்வரைத் தட்டும். அங்குள்ள என்ஜின்எக்ஸ் சுரங்கம் வழியாக லப்டொப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்கும்.

முறைப்பாடு இதுதான்: முகப்புப் பக்கம் உடனே வருகிறது. வினாத்தாளைத் தொட்டால் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு `504 Gateway Time-out` என்று வருகிறது.

அவசரக்காரர் உடனே செக்யூரிட்டி குரூப்பைத் திறந்து விதிகளைத் தோண்டுவார். ஆனால் முகப்புப் பக்கம் வருகிறதே! அதே போர்ட், அதே வழி. செக்யூரிட்டி குரூப் கோப்பின் அளவைப் பார்ப்பதில்லை, வழியை விடும் அல்லது மறிக்கும். ஆகவே அது கழிந்தது. 504 என்ற எண்ணும் ஒன்று சொல்கிறது. மும்பை என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னாலிருந்து பதில் வராமல் காத்திருந்து கைவிட்டிருக்கிறது. அதன் வழக்கமான காத்திருப்பு 60 விநாடி, அந்த ஒரு நிமிடம் அங்கிருந்துதான் வருகிறது. லப்டொப்பில் இருந்தபடியே அதே பிடிஎஃப்பை `curl` போட்டு எடுத்தால் கணத்தில் வருகிறது. ஆகவே டிஸ்க்கும் கோப்பும் சரி. மிச்சம் இருப்பது சுரங்கம்.

சுரங்கத்தில் சாதாரண `ping` போகிறது. பலர் இங்கே "நெட்வேர்க் சரி" என்று எழுதி மூடிவிடுவார்கள். சாதாரண பிங் மிகச் சிறிய பொதி, அது போனதால் பெரியது போகும் என்று அர்த்தமில்லை. லப்டொப்பிலிருந்து சுரங்கத்தின் மும்பை முனைக்குப் பெரிதாக அனுப்பிப் பார்க்க வேண்டும்:

```
ping -M do -s 1392 10.8.0.1
ping -M do -s 1332 10.8.0.1
```

`-M do` என்றால் பொதியைத் துண்டாக்காதே. 1392 உடன் தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் 1420, அதுதான் வயர்கார்ட் வழக்கமாக வைக்கும் எம்டியு, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு. முதல் கட்டளைக்குப் பதிலே இல்லை. இடையில் எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் 1332 வரை பதில் வருகிறது, 1333 போட்டால் மௌனம். இதில் ஒரு நுணுக்கம் கவனியுங்கள். 1393 போட்டால் `message too long` என்று உடனே திட்டு வரும். அது சொந்த இயந்திரம் சொல்வது, பொதி வீட்டை விட்டே போகவில்லை. 1392க்கு வந்த மௌனம் வேறு. பொதி கிளம்பிப் போய் வழியில் தொலைந்திருக்கிறது.

பிங் போய்த் திரும்புவதால் எந்தத் திசையில் தொலைகிறது என்று அது சொல்லாது. அதற்கு இரண்டு முனையிலும் `tcpdump` ஓட விட்டுப் பார்க்க வேண்டும்:

```
sudo tcpdump -ni wg0 tcp port 80
```

லப்டொப் பக்கத்தில் ஒரே `seq` எண்ணோடு `length 1368` பொதி திரும்பத் திரும்பக் கிளம்புகிறது. மும்பைப் பக்கத்தில் அது ஒருதரம்கூட வந்து சேரவில்லை. கைகுலுக்கலும் கோரிக்கையும் சிறிய பொதிகள், அவை இரண்டு பக்கமும் தெரிகின்றன. முகப்புப் பக்கம் ஒரே சிறிய பொதிக்குள் அடங்கியதால் தப்பித்தது. பிடிஎஃப்பின் முதல் பொதியே முழு அளவு, அதனால் ஒரு பைட்டும் போய்ச் சேரவில்லை. பழுது இதோ.

திருத்தம் ஒரு வரி. இரண்டு முனையிலும் `wg0.conf` கோப்பில்:

```
[Interface]
MTU = 1360
```

1332ஐயும் 28ஐயும் கூட்டினால் 1360. சுரங்கத்தை இறக்கி ஏற்றியதும் வினாத்தாள் வந்தது.

இப்போது கடிதத்துக்கு முக்கியமான இடம். பெரிய பொதியை எந்தக் கருவி தூக்கி எறிந்தது? அவருக்குத் தெரியாது. 4ஜி வலையமைப்பின் உள்ளே அவர் பார்க்க முடியாது. ஆகவே "சேவை வழங்குநரின் பிழையைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதக்கூடாது. "1360 பைட்டுக்கு மேற்பட்ட பொதிகள் இந்த வழியில் போவதில்லை என்று உறுதி செய்தேன், எந்த இடத்தில் விழுகின்றன என்பது என் பார்வைக்கு அப்பாற்பட்டது" என்று எழுத வேண்டும். நிரூபித்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லும் விண்ணப்பதாரரைப் பார்த்தால் சப்போர்ட் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வாடிக்கையாளரிடம் ஊகத்தை உண்மையாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள்.

அப்போ முழுக் கடிதம் எப்படி இருக்கும்?

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். நீரோட்டம் விளங்க வேண்டும் என்பதால் இங்கே தமிழில் தருகிறேன். வரிக்கு வரி மாற்றாமல், உங்கள் பழுதை வைத்து நீங்களே எழுதுங்கள்.

> மதிப்பிற்குரிய தேர்வாளர் அவர்களுக்கு,
>
> கிளவுட் சப்போர்ட் அசோசியேட் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். கணினி அறிவியலில் பட்டம் முடித்திருக்கிறேன். கம்பனி அனுபவம் இன்னும் இல்லை. வேறு ஆட்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய சேவையை வீட்டிலிருந்து நடத்தி, அதன் பழுதுகளைத் தீர்த்து வருகிறேன்.
>
> யாழ்ப்பாணத்தில் உள்ள என் லப்டொப்பில் உயர்தர மாணவர்களுக்கான வினாத்தாள்கள் இருக்கின்றன. வீட்டு இணைப்புக்குப் பொது முகவரி இல்லாததால், மும்பையில் உள்ள ஒரு சிறிய ஈசி2 சேர்வர் வயர்கார்ட் சுரங்கம் வழியாக அவற்றை வழங்குகிறது.
>
> ஒரு நாள் முகப்புப் பக்கம் திறந்தது, பிடிஎஃப் கோப்புகள் 504 பிழையோடு நின்றன. சிறிய பக்கம் வந்ததால் செக்யூரிட்டி குரூப்பை விலக்கினேன். லப்டொப்பிலேயே கோப்பு உடனே கிடைத்ததால் டிஸ்க்கை விலக்கினேன். பொதியின் அளவை மாற்றி மாற்றி பிங் செய்ததில், 1360 பைட்டுக்கு மேற்பட்டவை சுரங்கத்தைக் கடப்பதில்லை என்று தெரிந்தது. முழு அளவுப் பொதிகள் லப்டொப்பிலிருந்து கிளம்புவதையும் மும்பையை அடையாததையும் இரு முனையிலும் எடுத்த tcpdump காட்டியது. சுரங்கத்தின் எம்டியுவை 1360 ஆகக் குறைத்ததும் கோப்புகள் வந்தன. பொதிகள் எந்த இடத்தில் விழுந்தன என்பதை என் பக்கத்திலிருந்து பார்க்க முடியவில்லை. ஆகவே பெரிய பொதியை அனுப்பிப் பார்க்கும் ஒரு சோதனையைத் தினமும் ஓட வைத்திருக்கிறேன்.
>
> வினாத்தாள்களைத் தரும் ஆசிரியருக்கு நான் எழுதியது: "உங்கள் கோப்புகளில் பிழை இல்லை, திரும்ப அனுப்பத் தேவையில்லை. வழியில் பெரிய துண்டுகள் தடைப்பட்டன. சிறிய துண்டுகளாக அனுப்பும்படி மாற்றிவிட்டேன். மறுபடி நின்றால், நின்ற நேரத்தையும் கோப்பின் பெயரையும் அனுப்புங்கள்."
>
> பெரிய அளவில் இயங்கும் அமைப்புகளில் நான் இதுவரை வேலை செய்யவில்லை. இரவு நேரச் சுற்று உட்பட எந்த முறையிலும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். அமைப்பின் வரைபடமும் மேலே சொன்ன வெளியீடுகளும் சிவியில் உள்ள இணைப்பில் இருக்கின்றன.
>
> இப்படிக்கு,
> (பெயர்)

இதில் ஆசிரியருக்கு எழுதிய பந்தியை வெட்டிவிடப் பலருக்குத் தோன்றும். வெட்ட வேண்டாம். எம்டியு என்ற சொல்லே இல்லாமல் அதே பழுதை ஒரு ஆசிரியருக்கு விளக்கியிருக்கிறார். அவர் என்ன செய்யத் தேவையில்லை, திரும்ப நடந்தால் எதை அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நான் தேர்வு செய்பவனாக இருந்தால் தொழில்நுட்பப் பந்தியை விட இதைத்தான் இரண்டாம் தரமும் வாசிப்பேன்.

இவ்வளவு தொழில்நுட்பம் எழுதினால் எச்ஆர் ஆட்களுக்கு விளங்காதே?

எல்லாம் விளங்கத் தேவையில்லை. அவர்கள் அறிவிப்பில் உள்ள சொற்கள் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்: லினக்ஸ், வலையமைப்பு, பழுதறிதல், வாடிக்கையாளர் தொடர்பு. மேலே உள்ள கடிதத்தில் அந்த விசயங்கள் கதைக்குள்ளேயே வந்துவிடுகின்றன, அறிவிப்பில் உள்ள சொற்களையும் அங்கங்கே நேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். பழுதைச் சொல்லும் பந்தி ஒன்றில்தான் கட்டளையோ எண்ணோ வர வேண்டும், மற்றப் பந்திகள் யாரும் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

யூடியூப் பார்த்துச் செய்ததை என்னுடைய ப்ரொஜெக்ட் என்று போடலாமா?

கட்டியது வழிகாட்டியைப் பார்த்து என்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. வயர்கார்டை யாரும் கனவில் கண்டு நிறுவுவதில்லை. ஆனால் பழுது உங்களுடையதாக இருக்க வேண்டும். வழிகாட்டிகளில் வராதது அதுதான்.

கடிதத்தைப் பார்த்து நேர்முகத் தேர்வில் தோண்டுவார்கள். மேலே உள்ள கதைக்கு என்ன கேட்கலாம் என்று பாருங்கள். "ஏன் 1280 வைக்கவில்லை?" "1360 என்றால் சுரங்கத்துக்கு வெளியே அந்தப் பொதி எவ்வளவு பெரிது?" சாதாரண ஐபி பதிப்பு 4 மேல் போகும் வயர்கார்டுக்கு மேலதிகமாக 60 பைட் வேண்டும், ஆகவே 1420. "செக்யூரிட்டி குரூப் மறித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?" எதுவுமே வராமல் `Connection timed out` வந்திருக்கும், ஏனென்றால் அது பொதியைச் சத்தமில்லாமல் விழுங்கும். `Connection refused` வந்தால் பொதி போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை. இந்த இரண்டு வசனத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

கதையை இரவல் வாங்கியவர் இரண்டாவது கேள்வியிலேயே நிற்பார். மேலே உள்ள மாதிரியை அப்படியே அனுப்பவும் வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

என்னிடம் வங்கி அட்டை இல்லை. கிளவுட் கணக்கு இல்லாமல் லாப் செய்யலாமா?

செய்யலாம். லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு மூன்று மெய்நிகர் இயந்திரங்களை வரிசையாக இணையுங்கள். ஒரு பக்கம் சேர்வர், மற்றப் பக்கம் வாடிக்கையாளர், நடுவில் ரவுட்டராக ஒரு உபுண்டு. நடு இயந்திரத்தில் இந்த விதியைப் போட்டால் மேலே சொன்ன மாதிரிப் பழுது பிறக்கும்:

```
sudo iptables -A FORWARD -m length --length 1421:65535 -j DROP
```

நண்பர் ஒருவரை உட்கார வைத்து, விதியைச் சொல்லாமல் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு அவர் உங்களுக்கு ஒன்று வைக்கட்டும். கடிதத்தில் "வீட்டில் உருவாக்கிய சோதனை" என்று நேராக எழுதுங்கள், மும்பை என்று கதை விட வேண்டாம்.

அட்டை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலை 15இலிருந்து திறக்கும் அமேசான் கணக்குகளுக்கு இலவசத் திட்டம் மாறிவிட்டது. பழைய பன்னிரண்டு மாத முறை இல்லை, வரவுத் தொகையும் ஆறு மாத எல்லையும்தான். 2024 பெப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டொலர் விலையும் உண்டு. மாதம் முழுக்க வைத்திருந்தால் கிட்டத்தட்ட மூன்றரை டொலருக்குச் சற்று மேல். சேர்வர் எடுத்த அன்றே பட்ஜெட் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள். அதைப் போட்டதையும் கடிதத்தில் அரை வரி சொல்லலாம், செலவு பற்றிய கேள்விகளும் சப்போர்ட்டுக்கு வரும்தானே.

கிட்ஹப் லிங்க் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் கொடுக்கும் முன் உள்ளே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். `wg0.conf` கோப்பை அப்படியே ஏற்றியிருந்தால் `PrivateKey` வரியும் போயிருக்கும். `AKIA` என்று தொடங்கும் அமேசான் சாவி எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள்:

```
git log -p | grep -E "PrivateKey|AKIA"
```

கோப்பை அழித்து புதிதாக ஒரு கொமிட் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பழைய கொமிட்டில் அது அப்படியே இருக்கும். சாவி வெளியே போயிருந்தால் முதலில் அந்தச் சாவியை மாற்றுங்கள், வரலாற்றைத் துப்புரவாக்குவது அதற்குப் பிறகு. சாவியோடு கூடிய லிங்க்கை அனுப்பினால், உங்கள் கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசிப்பவர் அங்கேயே மூடிவிடுவார்.

நல்ல ரீட்மீ ஒன்றுக்கு ஒரு வரைபடம், முறைப்பாடு, சோதனைகளின் உண்மையான வெளியீடு, திருத்தம் போதும். வெளியீடுகளில் நேரம் இருந்தால் இரண்டு இயந்திரத்தையும் ஒரே நேர வலயத்தில் வையுங்கள். கிளவுட் சேர்வர் வழக்கமாக யுடிசியில் இருக்கும், உங்கள் லப்டொப் கொழும்பு நேரத்தில் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

சான்றிதழ் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி என்ன எழுதுவது?

ஒன்றும் எழுத வேண்டாம். இல்லாததற்குக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அறிவிப்பில் கட்டாயம் என்று போட்டிருந்தால் மட்டும், எந்தப் பரீட்சைக்குத் திகதி பதிந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பதியவில்லை என்றால் அதையும் விடுங்கள்.

நான் கிளிநொச்சியில் பொறியியல் படித்தேன். இறுதியாண்டு ப்ரொஜெக்டை எழுதுவதா, ஹோம் லாபையா?

இறுதியாண்டு ப்ரொஜெக்ட் குழு வேலை, மேற்பார்வையாளர் இருந்திருப்பார், சிவியில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் தனியாகக் கையால் தொட்டது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதில் உங்கள் பங்கு சேர்வரும் வலையமைப்பும் என்றால் மட்டும் எழுதலாம். இல்லாவிட்டால் ஹோம் லாப்தான்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் தட்டிவிடுவார்களா?

முகவரியை மறைக்க வேண்டாம். ஆனால் வேலை எந்த நகரத்தில், வீட்டிலிருந்து செய்யலாமா, வெளிநாடென்றால் வேலை அனுமதி யார் எடுப்பது என்று அறிவிப்பில் முதலில் பாருங்கள். கொழும்பில் அலுவலகம் என்றால் "இடம் மாறத் தயார்" என்று ஒரு வசனம் போதும். வீட்டிலிருந்து வேலை என்றால், இரவுச் சுற்றில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். இரண்டு வேறு வலையமைப்பு இணைப்புகளும் ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ்ஸும் இருந்தால் அதைக் கடிதத்திலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேட்கும் வரை காத்திருந்து, கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

என் ஆங்கிலம் அவ்வளவு நல்லதில்லை. யாரையாவது கொண்டு எழுதுவிக்கலாமா?

திருத்துவிக்கலாம், எழுதுவிக்க வேண்டாம். கடிதம் ஒரு நடையிலும் நீங்கள் பேசுவது இன்னொரு நடையிலும் இருந்தால் நேர்முகத் தேர்வின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். சின்ன வசனங்களாக எழுதுங்கள். ஒரு வசனத்தில் ஒரு சோதனை, அதன் முடிவு. "இதைச் செய்தேன், இது தெரிந்தது, ஆகவே இதை விலக்கினேன்" என்ற வரிசைக்குப் பெரிய ஆங்கிலம் தேவைப்படாது. எழுதி முடித்ததும் பக்கத்தில் யாரையாவது வைத்து உரக்க வாசியுங்கள், நாக்கு தடுக்கும் வசனத்தை இரண்டாகப் பிரியுங்கள். திருத்தித் தருகிறவர் எண்களை மாற்றிவிட்டாரா என்று கடைசியில் ஒரு தடவை சரிபாருங்கள். 1360 ஒரு தடவை 1630 ஆகி வந்த கடிதத்தைப் பார்த்திருக்கிறேன்.